ஏட்டில் ஆறு ரோலர், தளத்தில் ஐந்து: தேயிலை ஃபெக்டரியில் ஒரு சொத்துச் சரிபார்ப்பு

மலையகத் தோட்டக் கம்பனி ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அதற்கு முன்னால் ஏதாவதொரு தோட்டத்து ஃபெக்டரிக்குப் போய், சொத்துப் பதிவேட்டில் எழுதியிருக்கும் இயந்திரங்கள் அங்கே இருக்கின்றனவா, எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்து, கணக்கோடு பொருத்திக் கொடுப்பது என் பொறுப்பு. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 2023 மார்ச்சில் செய்த சரிபார்ப்பை இங்கே எழுதுகிறேன். வாசிக்க இலகுவாக இருக்கட்டும் என்று தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன்.

அந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது வெளிநாட்டு உதிரிப்பாகங்கள் எளிதில் கிடைக்கவில்லை. கொழுந்து காத்திருக்காது. பறித்த கொழுந்தை அடுத்த நாளுக்குள் தேயிலையாக்கியே ஆகவேண்டும். எனவே ஃபெக்டரிகளில் ஒரு இயந்திரத்தைக் கழற்றி இன்னொன்றை ஓட்டினார்கள். பக்கத்துத் தோட்டத்துக்கு ஒன்றைக் கொடுத்து, வேறொன்றை வாங்கிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அதுதான் சரியான முடிவு. ஆனால் அப்படி நகர்ந்தவை எல்லாம் ஏட்டில் ஏறவில்லை.

போவதற்கு முன்பு அலுவலகத்திலேயே ஒரு வேலை இருக்கிறது. சொத்துப் பதிவேட்டின் கூட்டுத்தொகை பொதுப் பேரேட்டில் உள்ள தொகையோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள். நான் முதலில் செய்வேன், ஏனென்றால் தளத்தில் எதைத் தேடவேண்டும் என்பதை அந்த வித்தியாசமே சொல்லிவிடும். இந்த ஃபெக்டரியின் இயந்திரங்களுக்குப் பேரேட்டில் கிரயம் 320 லட்சம், பதிவேட்டில் 312 லட்சம். எட்டு லட்சம் பேரேட்டில் அதிகம். பணம் கொடுத்து வாங்கிய ஏதோ ஒன்று பதிவேட்டுக்கு வரவில்லை என்பது இதிலிருந்தே தெரிந்தது. இயந்திரக் கணக்கில் அந்த ஆண்டு விழுந்த பற்றுகளைப் பார்த்தேன். உருட்டிய கொழுந்தின் கட்டிகளை உடைத்துச் சலிக்கும் ரோல் பிரேக்கர் ஒன்றுக்கான வவுச்சர் ஓகஸ்ட் மாதத்தில் இருந்தது. அப்படியானால் நான் ஃபெக்டரியில் ஒரு புதிய ரோல் பிரேக்கரைக் கண்ணால் காணவேண்டும்.

எந்த நாளில் போவது என்பதும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறிக்காத தோட்டத்தில் திங்கட்கிழமை காலை உருட்டுவதற்கு எதுவும் இருக்காது. இயந்திரங்கள் நிற்கும், ஃபிட்டர்மார் கிறீஸ் போட்டுக்கொண்டிருப்பார்கள். பெயர்த்தகடுகளைத் துடைத்து வாசிக்கவும், இயந்திரத்துக்குள் தலையை விட்டுப் பார்க்கவும், இலக்கம் போடவும் அந்த நாள்தான் பாதுகாப்பானது. ஆனால் நிற்கிற இயந்திரத்தைப் பார்த்து அதன் நிலையைச் சொல்லிவிட முடியாது. திங்கட்கிழமை பறித்த கொழுந்து இரவு முழுவதும் மாடியில் வாடி, செவ்வாய் விடியுமுன்னே ரோலருக்கு இறங்கும். அந்த நேரத்தில் மறுபடி ஃபெக்டரிக்குள் நிற்கவேண்டும். நான் திங்களன்று எண்ணுவேன், செவ்வாய் அதிகாலை ஓட்டத்தைப் பார்ப்பேன்.

மார்ச் மாதத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. எங்கள் பக்கத்தில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வரட்சிக் காலம். தேயிலையின் தரம் உயர்ந்திருக்கும், கொழுந்தின் அளவு குறைந்திருக்கும். கொழுந்தை வாட்டும் ட்ரஃப்களில் பாதியும் இரண்டு மூன்று ரோலர்களும் வேலையில்லாமல் நிற்கும். நிற்பது பழுதினாலா கொழுந்து இல்லாததாலா என்று பார்த்தவுடன் தெரியாது. இதற்கு நான் நம்புவது, எந்த ரோலரில் கொழுந்தின் எத்தனையாவது பாகத்தை எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று ஃபெக்டரியில் எழுதிவைக்கும் புத்தகத்தைத்தான். கொழுந்து குவிந்த ஏப்ரல், மே மாதப் பக்கங்களைப் புரட்டினால் ஒரு ரோலர் கடைசியாக எப்போது ஓடியது என்று தெரியும். கணக்குக்காக எழுதப்பட்ட புத்தகம் அல்ல என்பதாலேயே அதற்கு மதிப்பு அதிகம்.

இப்போது ரோலர் விடயத்துக்கு வருகிறேன். பதிவேட்டில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று, 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது வந்த 47 அங்குல ரோலர்கள் ஐந்து, ஒரே வரியில், இலக்கம் எதுவும் இல்லாமல். அவற்றின் பெறுமானத் தேய்வு முழுவதும் முடிந்து ஏட்டுப் பெறுமதி பூச்சியமாகிவிட்டது. மற்றது, 2006 ஏப்ரலில் 15 லட்சத்துக்கு வாங்கிய ஒரு ரோலர். ஆயுட்காலம் 20 ஆண்டுகள், வருடத்துக்கு 75,000 ரூபாய் தேய்வு. மொத்தம் ஆறு.

தளத்தில் நின்றது ஐந்து. ஆறாவது இடத்தில் சீமெந்துத் தளமும், அதில் நான்கு போல்ட்டுகளும் மட்டும் இருந்தன. ஆனால் முந்தைய டிசம்பரில் ஃபெக்டரியிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு வந்த படிவத்தில் 'ரோலர் 6' என்பதற்கு நேரே சரி அடையாளம் போட்டிருந்தது. யாரும் ஏமாற்றுவதற்காகச் செய்ததல்ல அது. படிவத்திலேயே எண்ணிக்கையை அச்சிட்டுக் கொடுத்தால், எழுதியிருப்பதை உறுதிப்படுத்தும் மனநிலையில்தான் மனிதர் பார்ப்பார். எண்ண மாட்டார். அதனால் நான் கொண்டுபோகும் தாள்களில் ஒன்றில் எண்ணிக்கைக் கட்டம் காலியாக இருக்கும். எண்ணுகிறவர் அதை நிரப்பவேண்டும். எண்ணுகிறவர் அந்த இயந்திரங்களுக்குப் பொறுப்பானவராக இருக்கக்கூடாது. ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் கூட நிற்கலாம், காட்டலாம், விளக்கலாம். எழுதுகிற பேனா வேறொருவர் கையில் இருக்கவேண்டும்.

ஆறாவது ரோலர் எங்கே என்று ஃபிட்டரிடம் கேட்டேன். அங்கேயே முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்பவர்.

"தம்பி, அத போன வருசம் நம்ம கம்பனி மத்த தோட்டத்துக்கு அனுப்பிட்டோமே. அவங்க ரோலர் கால் ஒடஞ்சு போச்சு. லொறியில ஏத்துனதே நானுந்தான்."

"எந்த ரோலர் அண்ணே? பழசா, புதுசா?"

"பழசக் கழட்டுனா திரும்பிப் பூட்ட ஏலாது தம்பி. புதுசுதான் சுலுவா வந்துச்சு."

அந்தக் கேள்வியை நான் கேட்காமல் விட்டிருந்தால் எப்படி முடிந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். ஆறு இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து. பழைய ஐந்தில் ஒன்று போய்விட்டது என்று எழுதியிருந்தால் எல்லோருக்கும் வசதி. ஏட்டுப் பெறுமதி பூச்சியம், இலாபத்தில் ஒரு சதமும் மாறாது, யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். எண்ணிக்கை சரியாகிவிடும், அடையாளம் பிழையாகிவிடும். போனது 2006ஆம் ஆண்டு ரோலர் என்றால் கணக்கு வேறு. 2023 மார்ச் 31 வரை 17 ஆண்டுத் தேய்வு 12 லட்சத்து 75 ஆயிரம். மீதி 2 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய் இன்னும் ஏட்டில் நிற்கிறது.

ஃபிட்டர் சொன்னது நல்ல துப்பு. ஆனால் அது மட்டும் சான்றாகாது. மூன்று விடயங்களை அடுத்தடுத்துப் பார்த்தேன். தளத்தில் நின்ற ஐந்தின் அடிச்சட்டத்தையும் தேங்காய்நார் தூரிகையால் தேய்த்து, வார்ப்பிலேயே எழும்பியிருந்த எழுத்துகளையும் தகடுகளையும் வாசித்தேன். ஐந்தும் பழைய வார்ப்பு, எதிலும் 2006ஆம் ஆண்டு விலைச்சிட்டையில் இருந்த தொடரிலக்கம் இல்லை. அடுத்தது கேட் பாஸ் புத்தகம். 2022 ஜூனில் 'ரோலர் ஒன்று, திருப்பித் தரவேண்டியது' என்று எழுதி லொறி இலக்கமும் போட்டிருந்தது. கடைசியாக அந்த மற்றத் தோட்டத்துக்கே போனேன். தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. தகட்டில் தொடரிலக்கம் பொருந்தியது. ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய பதிவேட்டில் அதற்கு வரியே கிடையாது. அவர்களுடைய கால் உடைந்த பழைய ரோலர் இன்னும் 'பாவனையில்' என்றே பதியப்பட்டிருந்தது.

இரண்டு தோட்டங்களும் ஒரே கம்பனி என்பதால் கம்பனியின் மொத்தக் கணக்கில் மாற்றமில்லை. இங்கே 15 லட்சம் கிரயமும் 12 லட்சத்து 75 ஆயிரம் திரண்ட தேய்வும் கழிந்து, அதே இரண்டு தொகைகளும் அங்கே ஏறவேண்டும். தேய்வு நீங்கிய 2 லட்சத்து 25 ஆயிரத்தை மட்டும் அங்கே புதிய கிரயமாகப் பதிவது பிழை. அப்படிச் செய்தால் 2006 என்ற கொள்வனவு ஆண்டு தொலைந்துபோகும், ஆயுட்காலம் புதிதாக எண்ணப்படும். இன்னொன்று: ரோலர் ஜூனில் போயிருக்கிறது. ஜூனிலிருந்து மார்ச் வரையான தேய்வை எந்தத் தோட்டத்தின் உற்பத்திச் செலவில் போடுவது என்பதையும் தீர்மானிக்கவேண்டும். எந்தத் தோட்டத்துத் தேயிலையை உருட்டியதோ அந்தத் தோட்டத்துக்குத்தான் அது போகவேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். கிலோ ஒன்றுக்கான செலவை வைத்துத் தோட்டங்களை நிர்வகிக்கும் துரைமாரை மதிப்பிடுகிற இடத்தில் இதை விட்டுவிடக்கூடாது. 'திருப்பித் தரவேண்டியது' என்ற சொல்லுக்கும் ஒரு முடிவு வேண்டியிருந்தது. இரு தோட்டத்துத் துரைமாரும் இது நிரந்தர மாற்றம் என்று ஒப்பமிட்ட பிறகே நாளேட்டுப் பதிவைப் போட்டோம்.

இதுவரை சொன்னது ஏட்டிலிருந்து தளத்துக்குப் போகும் வழி. ஏட்டில் இருப்பது உண்மையில் இருக்கிறதா என்பதற்கு அது விடை தரும். தளத்தில் இருப்பது ஏட்டில் இருக்கிறதா என்பதற்கு எதிர்த்திசையில் நடக்கவேண்டும். பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, மேல்மாடியில் தொடங்கி, கொழுந்து போகிற வழியே கீழே இறங்குவேன்: வாட்டும் மாடி, உருட்டும் அறை, டிரையர், சலிக்கும் அறை, பொதி கட்டும் அறை. கண்ணில் படும் ஒவ்வொரு இயந்திரத்தையும் எழுதுவேன். கொழுந்தின் வழியைப் பின்பற்றினால் எதுவும் தப்பாது, ஒன்றை இரண்டு முறை எண்ணவும் நேராது. அப்படி நடந்தபோதுதான் அந்தப் புதிய ரோல் பிரேக்கர் அகப்பட்டது. எட்டு லட்சத்தின் வித்தியாசம் தீர்ந்தது. பதிவேட்டில் இல்லாததால் அதற்குத் தேய்வும் கணக்கிடப்படவில்லை. ஓகஸ்ட் தொடக்கத்திலிருந்து எட்டு மாதத்துக்கு, 20 ஆண்டு ஆயுள் என்றால், ஏறக்குறைய 27,000 ரூபாய். சிறிய தொகைதான், ஆனால் ஏடு திருந்தாவிட்டால் ஒவ்வொரு ஆண்டும் விடுபட்டுக்கொண்டே போகும்.

சலிக்கும் அறையில் பச்சை நிறத்தில் ஒரு சிஃப்டர் நின்றது. மற்ற எல்லாம் சாம்பல் நிறம். மலையகத்தில் சில ஃபெக்டரிகளை மூடிவிட்டுக் கொழுந்தைப் பக்கத்து ஃபெக்டரிக்கு அனுப்புவது வழக்கம். அது அப்படி மூடிய ஃபெக்டரி ஒன்றிலிருந்து வந்தது. அந்த ஃபெக்டரியின் பதிவேட்டில் பெறுமதியில்லாப் பொருளாக இருந்ததால் தொகையில் வேலை இல்லை, இடத்தை மட்டும் மாற்றினோம். வேறு நிறத்தில் நிற்கும் இயந்திரத்தைக் கண்டால் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிடுங்கள்.

மோட்டர்களைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பொருத்தமின்மைகள் அங்கேதான் பிறக்கின்றன. தேயிலை ஃபெக்டரியில் மோட்டர் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. எரிந்தால் சுருள் சுற்றுவதற்கு ஹட்டனுக்கோ கண்டிக்கோ போகும். அதனிடத்தில் ஸ்டோரில் இருப்பதோ, ஓடாத ட்ரஃப்பின் விசிறியிலிருந்து கழற்றியதோ பூட்டப்படும். சுற்றி வந்தது வேறெங்கோ போய்ச் சேரும். முன்பு யாரோ இந்த ஃபெக்டரியில் சொத்து இலக்கங்களை மோட்டர்களில் ஒட்டியிருந்தார்கள், மோட்டரில் தட்டையான இடம் இருப்பதால். விளைவாக, ட்ரஃப்புக்கான இலக்கம் ஒரு ரோல் பிரேக்கரில் இருந்தது, ரோலருக்கான இலக்கம் ஸ்டோர் அலுமாரிக்குள் கிடந்தது. இலக்கத்தை மட்டும் பார்த்துப் போனவருக்கு ஒரு ட்ரஃப் காணாமல் போயிருக்கும்.

அதனால் இலக்கத்தை அடிச்சட்டத்தில் மட்டும் போடுகிறோம். கழற்ற முடியாத, மாற்றினால் இயந்திரமே மாறிவிடும் பாகம் அதுதான். காகித ஸ்டிக்கர் வாட்டும் மாடியின் ஈரத்திலும் டிரையரின் சூட்டிலும் நிற்காது. அலுமினியத் தகடு நிற்கும், ஆனால் அதன் ரிவெட் கழன்று தேயிலைக்குள் விழுந்தால் பெரிய பிரச்சினை. உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் ஃபெக்டரியில் அது சாதாரண விடயமல்ல. ஆகவே தகட்டை வெளிப்பக்கத்தில், தேயிலை விழும் மட்டத்துக்குக் கீழே அடிக்கவேண்டும். அடிக்குமுன் டீமேக்கரிடம் இடத்தைக் காட்டிச் சம்மதம் வாங்குகிறோம். மோட்டர்களுக்குத் தனியே ஒரு நடமாட்டப் புத்தகம் வைத்தோம்: தொடரிலக்கம், குதிரைவலு, எங்கிருந்து எங்கே, எந்தத் தேதி. அதை எழுதுவது ஃபிட்டர்.

நிலை என்பதற்கு வருவோம். படிவங்களில் 'நல்லது, சுமார், பழுது' என்று மூன்று கட்டம் இருக்கும். அந்தச் சொற்களில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆளுக்கு ஆள் பொருள் மாறும். நான் எழுதுவது கேள்விகளுக்கான விடை: இன்று ஓடியதா? இல்லையென்றால் கடைசியாக எப்போது ஓடியது? ஓட வைக்க என்ன வேண்டும்? ரோலர் என்றால் மேசையின் பித்தளை எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஓடும்போது கால்கள் ஆடுகின்றனவா?

இந்த முறை அந்தக் கேள்விகள் ஒரு டிரையரில்தான் பெரிதாக உதவின. இரண்டு டிரையர்கள். ஒன்று தினமும் ஓடுவது. மற்றது கொழுந்து குவியும் காலத்துக்காக 2009 ஏப்ரலில் 40 லட்சத்துக்கு வாங்கியது. இரண்டாவது தன் இடத்தில், தன் இலக்கத்தோடு, வர்ணம் பூசி நின்றது. இருக்கிறதா என்றால் இருக்கிறது. பக்கக் கதவைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே தட்டுகள் பாதி இல்லை, சங்கிலி இல்லை, விசிறியின் அச்சும் இல்லை. 2022இல் எல்லாம் முதலாவது டிரையருக்குப் போயிருந்தன. வெளியே நின்று படம் மட்டும் எடுத்திருந்தால் நல்ல நிலையில் உள்ள சொத்தாகப் பதிவாகியிருக்கும். கதவு உள்ள எதையும் திறந்து பாருங்கள்.

இயந்திரம் ஓடாமல் நிற்பதால் தேய்வை நிறுத்தக்கூடாது என்பது இலங்கைக் கணக்கீட்டு நியமமான எல்.கே.ஏ.எஸ். 16இன் விதி. அதன்படி தேய்வு ஓடிக்கொண்டுதான் இருந்தது. 14 ஆண்டுகளுக்கு 28 லட்சம் போக 12 லட்சம் ஏட்டில். கேள்வி, அந்த 12 லட்சத்தை இது இனி ஈட்டித் தருமா என்பது. திருத்துவதற்கு வேர்க்‌ஷொப் ஒன்றிடம் எழுத்தில் விலை கேட்டோம். அவர்கள் சொன்ன தொகையைப் பார்த்த முகாமை, திருத்தப்போவதில்லை என்று தீர்மானித்தது. அப்படியானால் எல்.கே.ஏ.எஸ். 36இன்படி மீட்கக்கூடிய தொகை என்பது விற்றால் கிடைப்பதையே ஒட்டி நிற்கும். இரும்பு வாங்குகிறவர்களிடம் விலை எடுத்ததில், கழற்றும் செலவு போக 3 லட்சம். ஒன்பது லட்சத்தைப் பெறுமதி இழப்பாக எழுதினோம். இங்கே நான் முடிவெடுக்கிறவன் அல்ல என்பதில் கவனமாக இருந்தேன். எதைக் கண்டேன், எப்போது கடைசியாக ஓடியது, என்ன குறைகிறது என்பதை எழுதுவது என் வேலை. திருத்துவதா விடுவதா என்பது துரையினதும் பொறியியல் பிரிவினதும் முடிவு. அந்த முடிவு எழுத்தில் வராமல் இழப்புப் பதிவைப் போடக்கூடாது.

இறுதியில் இணக்கக் கூற்று ஒரே பக்கத்தில் முடிந்தது. பதிவேட்டுக் கிரயம் 312 லட்சம், விடுபட்ட ரோல் பிரேக்கர் 8 லட்சம் கூட்ட 320, பேரேட்டோடு சமம். அதிலிருந்து மாற்றிக்கொடுத்த ரோலர் 15 லட்சம் கழிய இரண்டிலும் 305. டிரையரின் இழப்பு கிரயத்தைத் தொடாது, ஏட்டுப் பெறுமதியை மட்டும் குறைக்கும். அதனால் அது தனி வரி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு ஆவணத்தின் இலக்கம்: வவுச்சர், கேட் பாஸ், துரைமாரின் ஒப்பம், விலைக் கடிதம். ஆவணம் இல்லாத வித்தியாசத்தை 'சீராக்கம்' என்ற பெயரில் மூடுவதற்கு நான் இடம் கொடுப்பதில்லை. ஒரு ட்ரஃப்பின் விசிறி எங்கே போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதைத் 'தீரவில்லை' என்றே எழுதி, யார் எந்தத் தேதிக்குள் பதில் தரவேண்டும் என்று குறித்து விட்டுவைத்தோம்.

நாங்கள் எண்ணியது மார்ச் நடுப்பகுதியில். கணக்கு முடிவது 31இல். இடைப்பட்ட நாட்களின் கேட் பாஸ்களையும் புதிய வவுச்சர்களையும் ஏப்ரல் முதல் வாரத்தில் வரவழைத்துப் பார்த்தேன். ஒரு மோட்டர் சுருள் சுற்றப் போயிருந்தது, வேறு எதுவும் வாசலைத் தாண்டவில்லை. பழைய ஐந்து ரோலர்களின் ஒற்றை வரியை ஐந்து வரிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் வார்ப்பு எழுத்தையும் நிற்கும் இடத்தையும் எழுதினோம். ஏட்டுப் பெறுமதி பூச்சியமானாலும் அவைதான் தினமும் ஓடுகின்றன. கேட் பாஸின் ஒரு பிரதி இப்போது கணக்குப் பிரிவுக்கும் வருகிறது, 'திருப்பித் தரவேண்டியது' என்று எழுதிய எதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரிய கிளாக்கர் கேட்டு எழுதுகிறார்.